லாபம் கூடினால் சந்தேகப்படுங்கள்: நேரியல் திட்டமிடல் கணக்குகளில் நேரும் தவறுகள்

நேரியல் திட்டமிடல் கணக்கில் கூட்டல், பெருக்கல் பிழைகளால் போகும் மதிப்பெண் குறைவு. கணக்கை வாசித்துச் சமன்பாடாக்கும்போதும், வரைபடத்தில் முனைகளைப் பொறுக்கும்போதும்தான் அதிகம் போகிறது. அங்கே தவறினால் விடை கோணலாகத் தெரியாது. பெரும்பாலும் சரியான விடையைவிட அதிக லாபம் காட்டி ஆசை மூட்டும். வகுப்பில் தரும் வகைக் கணக்கு ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

ஓர் இரும்புப் பட்டறையில் பீரோவும் மேசையும் செய்கிறார்கள். ஒரு பீரோவுக்கு 3 மணி நேரமும் ஒரு மேசைக்கு 1 மணி நேரமும் வெல்டிங் வேலை. வாரத்துக்கு வெல்டிங்குக்குக் கிடைப்பது 30 மணி நேரம். பெயிண்ட் அடிக்க எதுவானாலும் 30 நிமிடம். அதற்குக் கிடைப்பது வாரத்துக்கு 10 மணி நேரம். மேசைகளின் எண்ணிக்கை பீரோக்களைப் போல் குறைந்தது இரு மடங்காவது இருக்க வேண்டும். லாபம் பீரோவுக்கு 1,200 ரூபாய், மேசைக்கு 500 ரூபாய். லாபம் மீப்பெரு அளவாக எத்தனை பீரோ, எத்தனை மேசை செய்ய வேண்டும்?

பல விடைத்தாள்களில் முதல் வரி ‘x = பீரோ, y = மேசை’ என்று இருக்கும். பீரோ ஒரு பொருள். அதை 3ஆல் பெருக்க முடியாது. ‘ஒரு வாரத்தில் செய்யும் பீரோக்களின் எண்ணிக்கை x, மேசைகளின் எண்ணிக்கை y’ என்று எழுத வேண்டும். x என்பது மணி நேரமா, ரூபாயா, எண்ணிக்கையா என்ற குழப்பம் இந்த ஒரு வரியிலேயே தீர்ந்துவிடும்.

வெல்டிங் கட்டுப்பாடு 3x + y ≤ 30. பெயிண்ட் கட்டுப்பாட்டை அவசரத்தில் 30x + 30y ≤ 10 என்று எழுதுகிறார்கள். இடப்பக்கம் நிமிடம், வலப்பக்கம் மணி. இதன்படி வாரம் முழுக்க ஒரு மேசைக்குக்கூட முழுதாகப் பெயிண்ட் அடிக்க முடியாது. வரைபடத்தில் ஏற்புடைய பகுதி ஆதிப்புள்ளியில் ஒரு புள்ளிபோல் ஒட்டிக்கொள்ளும். 10 மணி நேரம் என்பது 600 நிமிடம். ஆகவே 30x + 30y ≤ 600, சுருக்கினால் x + y ≤ 20.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் மூன்றாவது கட்டுப்பாடு. ‘இரு மடங்கு’ என்பது மேசையோடு சேர்ந்து காதில் விழுவதால் கை தானாக 2y ≥ x என்று எழுதிவிடும். சரியானது y ≥ 2x. இதைச் சோதிக்க இரண்டு ஜோடி எண்கள் போதும். 1 பீரோ, 5 மேசை: கணக்கு அனுமதிக்கிறது. 1 பீரோ, 1 மேசை: அனுமதிக்கவில்லை. 2y ≥ x என்பதில் இரண்டாவது ஜோடியை இட்டால் 2 ≥ 1 என்று தேறிவிடுகிறது, தவறு அகப்பட்டுவிட்டது. அனுமதிக்கும் ஜோடியை மட்டும் இட்டுப் பார்த்திருந்தால் தப்பித்திருக்கும். அதனால் தடைபட வேண்டிய ஜோடி ஒன்றையும் எப்போதும் இட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் 2y ≥ x என்று எழுதினாலும் இறுதி விடை தற்செயலாகச் சரியாகவே வந்துவிடும். அதை நம்பி இருக்க வேண்டாம். பீரோவின் லாபத்தை 1,800 ரூபாய் ஆக்கினால் அதே தவறு x = 60/7, y = 30/7 என்ற முனையில் கொண்டுபோய் நிறுத்தும்.

x ≥ 0, y ≥ 0 என்பவற்றையும் எழுதிவிட்டு வரைபடத்துக்கு வருவோம். முதல் இரண்டு கோடுகளும் எளிது: 3x + y = 30 என்பது (10, 0), (0, 30) வழியாகவும், x + y = 20 என்பது (20, 0), (0, 20) வழியாகவும் செல்லும். y = 2x கோட்டில்தான் சிக்கல். x = 0 என்று இட்டாலும் y = 0 என்று இட்டாலும் அதே (0, 0) கிடைக்கும்; ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு கோடு வரைய முடியாது. x = 5 எனக் கொண்டு (5, 10) என்ற இரண்டாம் புள்ளியை எடுக்க வேண்டும்.

எந்தப் பக்கம் நிழலிடுவது என்று பார்க்கவும் இங்கே ஆதிப்புள்ளி உதவாது, அது கோட்டிலேயே இருக்கிறது. (0, 10)ஐ இட்டால் 10 ≥ 0, உண்மை. எனவே y அச்சு இருக்கும் பக்கமே நமக்கு வேண்டியது. ‘≥ என்றால் கோட்டுக்கு மேலே’ என்ற மனப்பாடம் இதற்குப் பொருந்தலாம். x ≥ 2y என்று வந்தால் கவிழ்த்துவிடும்.

இப்போது முனைகள். கோடுகள் தமக்குள்ளும் அச்சுகளோடும் வெட்டும் இடங்கள் பல. அவை எல்லாவற்றையும் அட்டவணையில் போட்டு, பெரிய எண்ணை விடையாக எழுதுவது பரவலான பழக்கம். (0, 30)இல் லாபம் 15,000 ரூபாய். ஆனால் அங்கே 30 மேசைகளுக்குப் பெயிண்ட் அடிக்க நேரம் இல்லை. y = 2x, x + y = 20 வெட்டும் (20/3, 40/3)இல் சுமார் 14,667 ரூபாய்; அங்கே வெல்டிங் நேரம் 33 மணியைத் தாண்டுகிறது. இரண்டு கோடுகள் வெட்டினால் மட்டும் அது முனை ஆகாது. மீதிக் கட்டுப்பாடுகள் அனைத்தும் அந்தப் புள்ளியில் நிறைவேற வேண்டும்.

அப்படித் தேறுபவை நான்கு. (0, 0)இல் லாபம் 0. (0, 20)இல் 10,000. (5, 15)இல் 6,000 + 7,500 = 13,500. (6, 12)இல் 7,200 + 6,000 = 13,200. ஆகவே 5 பீரோ, 15 மேசை. இந்த எண்களை வரைபடத்திலிருந்து கண்ணால் அளந்து எழுதாதீர்கள்; பென்சில் சற்று தடித்தாலும் (5, 15) என்பது (5.2, 14.8) ஆகிவிடும். சமன்பாடுகளைத் தீர்த்தே எடுங்கள்: 3x + y = 30இலிருந்து x + y = 20ஐக் கழித்தால் 2x = 10.

முனைகளை மட்டும் பார்த்தால் போதும் என்பதற்குக் காரணம், லாபக் கோட்டை இணையாக நகர்த்திக்கொண்டே போனால் அது பகுதியைக் கடைசியாகத் தொடும் இடத்தில் ஒரு முனையாவது இருக்கும் என்பதுதான். 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறையும் முனையிலிருந்து முனைக்கு நகர்வதே.

‘குறைந்தது’ என்று வரும் சிறும வகைக் கணக்குகளில் பழக்கதோஷம் வேறு. 2x + y ≥ 8, x + 2y ≥ 10, x, y ≥ 0; Z = 30x + 40y மீச்சிறு அளவாக வேண்டும். ஆதிப்புள்ளிப் பக்கம் நிழலிட்டுப் பழகிய கை இங்கும் அதையே செய்து, (0, 0)இல் வரும் 0ஐ ஒதுக்கிவிட்டு, (4, 0)இல் Z = 120 என்று எழுதிவிடும். அந்தப் புள்ளியில் x + 2y வெறும் 4தான். சரியான முனைகள் (0, 8), (2, 4), (10, 0). Z முறையே 320, 220, 300.

பகுதி மேலே திறந்து கிடப்பதால் 220ஐ எழுதியதும் நிறுத்தக் கூடாது. 30x + 40y < 220 என்ற பகுதிக்கும் நம் பகுதிக்கும் பொதுப்புள்ளி இல்லை என்பதைக் காட்ட வேண்டும். இங்கே இல்லை, எனவே 220 தான் மீச்சிறு மதிப்பு. இதே பகுதியில் மீப்பெரு மதிப்பைக் கேட்டால் ‘இல்லை’ என்பதே விடை, 320 அல்ல.

பயிற்சிக்குப் பட்டறைக் கணக்கையே மாற்றிப் போடுங்கள்.

பீரோ லாபம் 1,800 ரூபாய் என்றால்? (6, 12)இல் 16,800 ரூபாய்.

பீரோ லாபம் 1,500 ரூபாய் என்றால்? (5, 15), (6, 12) இரண்டிலும் 15,000. இரண்டையும் இணைக்கும் கோட்டுத்துண்டின் எல்லாப் புள்ளிகளும் உகந்த தீர்வுகள் என்று எழுத வேண்டும். அரை பீரோவை விற்க முடியாது என்பதால் பட்டறைக்காரருக்கு உதவுவன அந்த இரண்டு மட்டுமே.

லாபம் பழையபடி 1,200, 500. ஆனால் மேசைகள் பீரோக்களைப் போல் ‘அதிகபட்சம்’ இரு மடங்கு என்றால்? கட்டுப்பாடு y ≤ 2x. முனைகள் (0, 0), (10, 0), (6, 12). மீப்பெரு லாபம் 13,200. x + y = 20 என்ற கோடு இந்தப் பகுதியைத் தொடவே தொடாது. அதைக் கண்டு வரைபடம் தவறோ என்று அழிக்க வேண்டாம். பெயிண்ட் அடிக்க ஒரு மணி நேரம் மிச்சமிருக்கிறது, அவ்வளவே.