அத்திவாரக் கணக்கு பிழைத்தால் யார் காசு கொடுப்பது?

வெள்ளவத்தையில் ஒரு வீடு கட்டப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கொந்தராத்துக்காரர் இரண்டு விதமாக விலை சொல்லலாம். ஒன்று அலகு விலை: கருங்கல் கட்டுக்குக் கன மீட்டருக்கு இவ்வளவு, பூச்சுக்குச் சதுர மீட்டருக்கு இவ்வளவு, செய்த வேலையை அளந்து காசு. மற்றது லம்ப்சம்: வரைபடத்தில் உள்ளதை முடித்துத் தர ஒரே தொகை. இரண்டிலும் கடைசி வரியில் இருக்கும் மொத்தம் ஒன்றாகவே இருக்கலாம். அளவு பிழைக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

(சதுர அடிக்கு இவ்வளவு என்று கொழும்பில் பலர் வாய்மொழியாகச் சொல்லும் விலை இரண்டிலும் சேராது. வரைபடமும் வேலை விபரமும் இல்லாவிட்டால், அந்த விலைக்குள் எது அடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.)

படி 1: ஒரு வேலையை நீங்களே அளந்து பாருங்கள்

பி.ஓ.கியூ. என்கிற அளவுப் பட்டியலில் கருங்கல் அத்திவாரம் 21.6 கன மீட்டர் என்று இருக்கிறது. வரைபடத்தில் அத்திவாரம் 0.6 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் ஆழம். நீளத்தைக் கூட்டினால் 50 மீட்டர் வருகிறது.

50 × 0.6 × 0.9 = 27 கன மீட்டர்

பட்டியல் போட்டவர் 10 மீட்டர் நீளமான ஓர் உட்சுவரை விட்டுவிட்டார். 5.4 கன மீட்டர் குறைகிறது. கணக்குக்காகக் கன மீட்டர் விலையை 30,000 ரூபாய் என்று எடுத்தால், பிழையின் பெறுமதி 1,62,000 ரூபாய்.

படி 2: அந்தப் பிழையை இரண்டு ஒப்பந்தத்திலும் வைத்துப் பாருங்கள்

அலகு விலை ஒப்பந்தத்தில் பட்டியலில் உள்ள அளவு வெறும் மதிப்பீடுதான். கட்டியது 27 என்றால் 27க்குத்தான் காசு. ஆகவே அந்த 1,62,000 உங்கள் தலையில். ஆனால் அதற்கான சுவர் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. பட்டியலில் அளவு கூடியிருந்தால் மிச்சமும் உங்களுக்குத்தான்.

இங்கே ஒரு விளையாட்டும் நடக்கும். கெட்டிக்காரக் கொந்தராத்துக்காரர் விலை போடும்போதே வரைபடத்தை அளந்து பிழையைக் கண்டுபிடித்துவிடுவார். அத்திவார விலையை 40,000 ஆக்கி, அளவு கூடுதலாகப் போடப்பட்ட இன்னொரு வேலையின் விலையை இறக்குவார். மொத்தம் மலிவாகத் தெரியும், இறுதி பில் அப்படி இருக்காது. ஒரு வேலைக்கு மட்டும் விலை மற்றவர்கள் போட்டதைவிடத் துருத்திக்கொண்டு நின்றால், அந்த வேலையின் அளவை மறுபடி அளந்து பாருங்கள்.

லம்ப்சத்தில் கதை வேறு. வரைபடத்தில் உட்சுவர் இருக்கிறது, அதைக் கட்ட வேண்டியது அவர் பொறுப்பு. கணக்கில் விட்டிருந்தால் நட்டம் அவருக்கு. இந்த ஆபத்துக்காக அவர் தன் தொகையில் கொஞ்சம் கூட்டித்தான் போட்டிருப்பார்.

படி 3: அளவுப் பிழையையும் மாற்றத்தையும் பிரித்துப் பாருங்கள்

தொடக்கக்காரர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கிடங்கு வெட்டும்போது மண் இளகலாக இருக்கிறது. இஞ்சினியர் ஆழத்தை 1.35 மீட்டராக்கச் சொல்கிறார். இப்போது 40.5 கன மீட்டர், அதாவது வரைபடத்தைவிட 13.5 கூட. இது அளவுப் பிழை அல்ல. வரைபடமே மாறிவிட்டது. வழக்கமாக லம்ப்சத்திலும் இதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும்: 4,05,000 ரூபாய். மண் ஆபத்து தன்னுடையது என்று கொந்தராத்துக்காரர் ஒப்பந்தத்தில் ஏற்றிருந்தால் மட்டும் நிலைமை மாறும்.

ஆகவே லம்ப்சம் என்றாலும், மாற்ற வேலைகளுக்கான அலகு விலைப் பட்டியலை கையெழுத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள். கிடங்கு திறந்து கிடக்கும்போது விலை பேசினால் உங்கள் கை தாழ்ந்துதான் இருக்கும்.

படி 4: லம்ப்சத்தோடு வரும் பட்டியலின் தகுதியைக் கேளுங்கள்

லம்ப்சம் ஒப்பந்தத்தோடும் சிலவேளை நீங்களே ஓர் அளவுப் பட்டியலைக் கொடுப்பீர்கள். அது ஒப்பந்த ஆவணமா, வழிகாட்டல் மட்டுமா? ஒப்பந்த ஆவணம் என்று எழுதி, அதன் அளவுகளை வைத்தே தொகை ஒத்துக்கொள்ளப்பட்டிருந்தால், விடுபட்ட உட்சுவருக்கு அவர் உங்களிடம் காசு கேட்க இடமுண்டு. வழிகாட்டல் மட்டும், அளவுகளைக் கொந்தராத்துக்காரரே சரிபார்க்க வேண்டும் என்று இருந்தால் பொறுப்பு அவருக்கு. வரைபடமும் பட்டியலும் முரண்பட்டால் எது மேலோங்கும் என்ற வரியையும் தேடிப் பாருங்கள்.

படி 5: நிலத்துக்குக் கீழே அளந்து, மேலே லம்ப்சம்

என் விருப்பம் இந்தக் கலப்பு முறைதான். அத்திவார வேலைகளைத் தற்காலிக அளவு என்று குறித்து, கட்டிய பின் அளந்து காசு கொடுங்கள். அதற்கு மேலே வரைபடம் தெளிவாக இருக்கும், ஒரே தொகை போதும். யாருக்கும் தெரியாத மண்ணுக்காகக் கொந்தராத்துக்காரர் முன்கூட்டியே விலை ஏற்ற வேண்டியதில்லை.

ஆனால் மண் மூடிவிட்டால் அளக்க முடியாது. கிடங்கை நிரப்புவதற்கு முன் இரு தரப்பும் சேர்ந்து நீளம், அகலம், ஆழம் மூன்றையும் எழுதி, அன்றே கையெழுத்து வையுங்கள். அளவுகோலை நிறுத்திப் படமும் எடுங்கள். அந்தத் தாள் இல்லாமல் 40.5 என்று பில் வந்தால், மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.