நடுவர் உரை: முடிவு அறிவிக்கும் முன் பேசும் ஐந்து நிமிடத்தில் எங்கே சறுக்குகிறோம்

போன ஜூலை 15, கல்வி வளர்ச்சி நாளன்று ஒரு பள்ளியில் காமராசரைப் பற்றிய பேச்சுப் போட்டிக்கு மூன்று நடுவர்களில் ஒருவனாகப் போயிருந்தேன். நிறைவாகப் பேசும் வேலையை எங்களில் இளையவரான ஓர் ஆசிரியையிடம் கொடுத்தோம், அவருக்கு அதுதான் முதல் முறை. நன்றாகத்தான் ஆரம்பித்தார். இரண்டாவது நிமிடத்தில், "அந்தப் பச்சை ரிப்பன் பாப்பா பேசினப்போ எனக்கு மெய்சிலிர்த்துடுச்சு" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கூட்டுத்தொகைப் பட்டியல் என் கையில் இருந்தது, அதில் பச்சை ரிப்பனுக்குப் பரிசு இல்லை.

பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். மைக்கைத் தட்டிப் பார்ப்பது, தலைமையாசிரியர் பெயரை மாற்றிச் சொல்வது போன்றவையெல்லாம் உங்களுக்கே தெரியும்.

உங்கள் மதிப்பெண்ணை முடிவு போலப் பேசுவது

பல வருடங்களுக்கு முன் நான் தவறு செய்த அன்றைக்குப் பதினான்கு பிள்ளைகள். நடுவர் ஒருவருக்கு 50 மதிப்பெண்: கருத்துக்கு 20, மொழிக்கும் உச்சரிப்புக்கும் 15, வெளிப்பாட்டுக்கு 15. நேரம் நான்கு நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் ஒரு மணி, நான்காவதில் இறுதி மணி, அதையும் தாண்டினால் ஒவ்வொரு நடுவர் தாளிலும் 2 மதிப்பெண் குறையும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

ஒன்பதாவதாக வந்த பெண் தன் பாட்டி மதியச் சோற்றுக்காகப் பள்ளிக்கூடம் போன கதையைச் சொன்னாள். மற்ற எல்லோரும் மாடு மேய்த்த சிறுவனின் கதையையே திருப்பித் திருப்பிச் சொல்லிக் கொண்டிருந்த மேடையில் அது எனக்குக் காற்று வந்தது போல இருந்தது. 44 போட்டேன். மற்ற இருவரும் 37, 36 போட்டிருந்தார்கள், மொத்தம் 117. ஆனால் அவள் பேசி முடித்தபோது 4 நிமிடம் 40 விநாடி ஆகியிருந்தது. ஆறு மதிப்பெண் போய் 111. முதலிடம் வந்த பையனுக்கு நான் கொடுத்தது 39தான், மற்றவர்கள் 40, 38. அவனுக்கும் 117, கழிவு எதுவும் இல்லை. இரண்டாம் இடம் 115, மூன்றாம் இடம் 113. அவள் நான்காவது.

கூட்டல் ஒரு மூலையில் நடந்துகொண்டிருக்க, நான் மேடையேறிவிட்டேன். மூன்று நிமிடம் அந்தப் பெண்ணைப் பற்றியே பேசினேன், பாட்டி கதை, குரல், கண் கலங்கியது என்று. பிறகு பெயர்களை வாசித்தார்கள். மூன்றாம் பரிசு, இரண்டாம் பரிசு, முதல் பரிசு, எதிலும் அவள் இல்லை. அவளுடைய அம்மா நேராக வந்து, "சார், நீங்கதானே கண் கலங்கிடுச்சுன்னு சொன்னீங்க? அப்புறம் ஏன் சார்?" என்று கேட்டார். நேரக் கழிவு என்ற பதில் அதற்குள் என்னிடம் இருந்தது. மேடையில் சொல்லாததை வராந்தாவில் சொன்னால் சப்பைக்கட்டு மாதிரிதான் கேட்கும், அப்படியேதான் கேட்டது.

இதைவிட உறுத்துவது அந்தப் பையன். அவனைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு யாருடையதோ கைக்கு வந்துவிட்டது போலக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனான். மூன்று பேர் சேர்ந்து அவன்தான் முதல் என்று சொன்னதை, மைக் கையில் இருந்த ஒரே காரணத்தால் நான் ஒருவனாகக் கலைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் என் வழக்கம் இதுதான். கூட்டலும் கழிவும் முடிந்த தாளைப் பார்க்காமல் மேடை ஏறமாட்டேன், விழாக்காரர்கள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. அளவுகோல்களை மதிப்பெண்ணோடு வாசித்துவிட்டு, "மூன்று பேர் நேரத்தைத் தாண்டினார்கள், அவர்களுக்கு ஆளுக்கு ஆறு மதிப்பெண் குறைந்தது" என்று பெயரில்லாமல் சொல்லிவிடுவேன். தாண்டியவர்களுக்குத் தாங்கள்தான் என்று தெரியும், பெற்றோருக்கும் பட்டியல் வருவதற்கு முன்பே காரணம் தெரிந்துவிடும்.

பாராட்டைப் பேசிய வரிசையில்தான் சொல்வேன், எண் 1 முதல் 14 வரை, ஆளுக்கு ஒரு வரி. அந்த வரியைக் கேட்கும்போதே தாளின் ஓரத்தில் எழுதிவைக்க வேண்டும், பிறகு ஞாபகம் வராது. "எண் 3, கேள்வியோடு தொடங்கினார். எண் 11, மறந்து நின்றார், ஆனால் வேறு சொற்களில் தொடர்ந்தார்." ஒரு வரிக்குப் பன்னிரண்டு விநாடி என்றால் பதினான்கு பேருக்கு மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வரிகள் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்க வேண்டும், ஒருவருக்கு மட்டும் நீண்டால் அரங்கம் உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிடும். சுமாராகப் பேசிய பிள்ளைக்கு "தைரியமாக மேடையேறினார்" என்று எழுதாதீர்கள், சொல்ல வேறு எதுவும் இல்லை என்றுதான் அதற்குப் பொருள் என்று அந்தப் பிள்ளைக்கே தெரியும். ஒரு நல்ல வாக்கியமோ சரியான இடத்தில் விட்ட ஒரு நிறுத்தமோ தேடினால் கிடைக்கும். நாற்பது பேர் என்றால் இந்த முறை ஒத்துவராது, அப்போது ஆளை விட்டுவிட்டு அளவுகோல் வாரியாகப் பேசுங்கள்.

தாளில் இல்லாத அளவுகோலை மேடையில் கண்டுபிடிப்பது

குறிப்புத் தாள் வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கும்போது, "பார்க்காமல் பேசியவர்களுக்கு முன்னுரிமை தந்தோம்" என்று ஒருவர் பேசக் கேட்டிருக்கிறேன். விதியை நம்பித் தாள் எடுத்து வந்த பிள்ளை என்ன செய்யும்?

சொந்தப் பேச்சா, வீட்டில் எழுதிக் கொடுத்ததா என்பதும் இப்படித்தான். கண்டுபிடிப்பது ஓரளவு சுலபம். தடுமாறும் பிள்ளை வாக்கியத்தின் தொடக்கத்துக்கே திரும்பிப் போனால் அது பெரும்பாலும் மனப்பாடம், வேறு சொல்லைப் பிடித்து முன்னே நகர்ந்தால் பொருள் புரிந்து பேசுகிறது. ஆனால் தாளில் அதற்கென்று இடம் இல்லாவிட்டால், அதைக் காரணமாகச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

சிறப்புப் பரிசை விளக்காமல் விடுவது

தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாளையொட்டி மாவட்ட அளவில் நடத்தும் பேச்சுப் போட்டிகளில் 5000, 3000, 2000 ரூபாய்ப் பரிசுகளோடு, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருவருக்கு 2000 ரூபாய் சிறப்புப் பரிசும் உண்டு. அது தனிப் பிரிவு என்று முதலிலேயே ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தயவு பார்த்துக் கொடுத்ததாகப் பேச்சு வரும், வாங்கிய பிள்ளையின் காதிலும் அது விழும்.

குறையை மேடையில் திருத்துவது

"ஒரு மாணவர் தமிழைத் 'தமிள்' என்றார்" என்று பெயர் சொல்லாமல் சொன்னாலும் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம்தான் திரும்பும். காமராசர் முதல்வராக இருந்தது 1954 முதல் 1963 வரை, யாராவது பதினைந்து வருடம் என்று சொல்லியிருந்தால் கீழே இறங்கியபின் தனியாகச் சொல்லுங்கள்.

"ஒரே மதிப்பெண்ணில் நழுவியது"

சொல்லாதீர்கள். யாருக்கு என்று கேட்பார்கள்.

"எல்லோரும் வெற்றியாளர்களே"

மேசையில் மூன்று கோப்பைதான் இருக்கிறது, பிள்ளைகளுக்கு எண்ணத் தெரியும்.

பச்சை ரிப்பன் விஷயத்துக்கு வருகிறேன். விழா முடிந்ததும் அந்த ஆசிரியையிடம் பட்டியலைக் காட்டினேன், முகம் வெளுத்துவிட்டது. இரண்டு பேருமாகத் தேடிப் போனோம், பாப்பா குடிநீர்க் குழாய் பக்கம் தோழிகளோடு நின்றிருந்தாள். அவளுக்கு எந்தப் பிரிவில் எவ்வளவு வந்தது, கருத்தில் எங்கே குறைந்தது என்று ஆசிரியை தாளை வைத்தே சொன்னார். கவனமாகக் கேட்டுவிட்டு, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே மிஸ்" என்றாள். திரும்பி வரும்போது ஆசிரியை என்னிடம், "பட்டியல் உங்க கையிலதானே சார் இருந்துச்சு, நான் ஏறுறதுக்கு முன்னாடி ஏன் காட்டல?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.