தின்னர் டப்பாவின் பாதுகாப்புத் தாள்: போட்டோவில் எதைப் பார்ப்பது?

தின்னருக்கான பாதுகாப்புத் தாளை யாராவது போட்டோ எடுத்து அனுப்பினால், முதலில் 16 தலைப்புகளும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். நடுப்பக்கம் விடுபடுவது சகஜம். பட்டறைக்கு வேண்டிய 7, 8, 9 அங்கேதான் இருக்கும்.

7, கையாளுதலும் சேமிப்பும். 8, பாதுகாப்பு உபகரணம்: கையுறை எந்தப் பொருளில் என்பதையும், முகக்கவசத்துக்கு எந்த ஃபில்டர் என்பதையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். தூசி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது.

9-இல் ஃப்ளாஷ் பாயின்ட் இருக்கும், அதாவது பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி எழும் குறைந்தபட்ச வெப்பநிலை. தின்னரில் கலக்கப்படும் டொலுயீனுக்குச் சுமார் 4°C. அதாவது நம் பட்டறைச் சூட்டில் எப்போதும் பற்றக்கூடிய ஆவி இருக்கும். அசிட்டோனுக்கு -20°C. மங்கலான படத்தில் அந்தக் கழித்தல் குறி மறைந்துவிடும். பெரிதாக்கிப் பாருங்கள், சந்தேகமிருந்தால் அந்தப் பக்கத்தை மறுபடி கேளுங்கள்.

முதலுதவி 4-ஆம் தலைப்பு. அதை மட்டும் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.