100 யென்னுக்கா, 1 யென்னுக்கா? நாணய மாற்று அட்டவணையைத் தவறில்லாமல் படிப்பது எப்படி

நாணய மாற்று விகிதம் என்றாலே ஓர் அலகுக்கு எவ்வளவு என்றுதான் மனம் எடுத்துக்கொள்ளும். ஆனால் மத்திய வங்கிகளின் அட்டவணைகள் பலவற்றில் வேறு கதை. ஜப்பானிய யென், தென் கொரிய வோன், ஹங்கேரியின் ஃபோரிண்ட் போன்றவற்றை 100 அலகுக்கும், இந்தோனேசிய ரூபியாவைச் சில இடங்களில் 1,000 அலகுக்கும் விலை சொல்வது வழக்கம். இந்தியாவில் தினமும் வெளியாகும் ரூபாய்–யென் மேற்கோள் விகிதமும் 100 யென்னுக்கானதுதான். டென்மார்க்கின் மத்திய வங்கி இன்னும் ஒரு படி மேலே போய், டாலர், யூரோ உட்பட எல்லா நாணயங்களையும் 100 அலகுக்கே சொல்கிறது. ஐரோப்பிய மத்திய வங்கியோ நேர்மாறு: 1 யூரோவுக்கு இத்தனை யென் என்று எழுதும்; நூறு என்ற பேச்சே அங்கில்லை.

ஆக, "யென் என்றால் நூற்றால் வகுக்க வேண்டும்" என்று மனப்பாடம் செய்வது உதவாது. எந்த அட்டவணையைப் பார்க்கிறோமோ அந்த அட்டவணைதான் பதில் சொல்ல வேண்டும். செக் தேசிய வங்கியின் தினசரிப் பட்டியலை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். பழகுவதற்கு அதைவிட நல்ல பட்டியல் எனக்குத் தெரிந்து இல்லை, ஏனென்றால் 1, 100, 1,000 மூன்றும் அதில் கலந்து வரும்.

படி 1: எண்ணிக்கைப் பத்தியைக் கண்டுபிடியுங்கள்

அந்த வங்கியின் ஆங்கிலப் பட்டியல் இப்படி இருக்கும். விகிதங்களைக் கணக்கு எளிதாக இருப்பதற்காக நானே நிரப்பியிருக்கிறேன். பத்திகளின் வரிசை மட்டும் அசல்.

```
Country|Currency|Amount|Code|Rate
Hungary|forint|100|HUF|6.200
Indonesia|rupiah|1000|IDR|1.360
Japan|yen|100|JPY|14.500
South Korea|won|100|KRW|1.580
USA|dollar|1|USD|22.000
```

மூன்றாவது பத்தியான Amount தான் நமக்கு வேண்டியது. யென் வரிசையின் பொருள்: 100 யென் கொடுத்தால் 14.500 செக் கொருனா. கடைசிப் பத்தியை மட்டும் பிரித்தெடுத்தால் 14.500 என்பது வெறும் எண். எதற்கான விகிதம் என்று அதற்கே தெரியாது. பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. யாரோ ஒருவர் குறியீட்டையும் விகிதத்தையும் மட்டும் நகலெடுத்து வேறு தாளில் ஒட்டுவார். அடுத்து அந்தத் தாளைப் பார்ப்பவருக்கு நூறும் தெரியாது, ஆயிரமும் தெரியாது.

எல்லா அட்டவணைகளிலும் தனிப் பத்தி இருக்காது. சிலவற்றில் நாணயத்தின் பெயரோடு "100 JPY" என்று ஒட்டியிருக்கும். சிலவற்றில் தலைப்பிலோ அடிக்குறிப்பிலோ ஒரே ஒரு வரியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ரஷ்ய மத்திய வங்கியின் தரவில் இதே தகவல் Nominal என்ற பெயரில் வரும்.

படி 2: ஓர் அலகுக்குக் கொண்டுவாருங்கள்

விகிதத்தை எண்ணிக்கையால் வகுத்தால் ஓரலகு விகிதம் கிடைக்கும். மேலே உள்ள பட்டியலை விரிதாளில் ஒட்டி, | குறியில் பத்திகளாகப் பிரித்தால் Amount என்பது C பத்தியிலும் Rate என்பது E பத்தியிலும் அமரும். F பத்தியில் இதை எழுதுங்கள்:

```
=E2/C2
```

டாலருக்கும் இதே சூத்திரம்தான். ஒன்றால் வகுப்பது வீண் வேலை போலத் தோன்றலாம். ஆனாலும் எல்லா வரிசைக்கும் ஒரே சூத்திரம் இருப்பதே பாதுகாப்பு. யென்னுக்கு மட்டும் கையால் 100 என்று எழுதி வைத்தால், வங்கி பின்னொரு நாள் எண்ணிக்கையை மாற்றும்போது உங்கள் தாள் ஓசையில்லாமல் பொய் சொல்லத் தொடங்கும்.

இப்போது ஒரு கணக்கு. 48,500 யென்னுக்கு எத்தனை கொருனா? ஓரலகு விகிதம் 14.500 ÷ 100 = 0.145. ஆக 48,500 × 0.145 = 7,032.50 கொருனா. எண்ணிக்கையைக் கவனிக்காதவர் 48,500 × 14.500 என்று பெருக்கி 7,03,250 என்ற விடைக்கு வருவார்.

வகுத்த பிறகு ஓர் எச்சரிக்கை: தசம இடங்களை வெட்டாதீர்கள். ரூபியாவின் ஓரலகு விகிதம் 1.360 ÷ 1,000 = 0.00136. உங்கள் தாள் அதை நான்கு தசமங்களுக்கு முழுமையாக்கிச் சேமித்தால் 0.0014 ஆகிவிடும். 50,00,000 ரூபியாவை மாற்றும்போது 6,800 கொருனாவுக்குப் பதில் 7,000 வரும். இரண்டு தசமங்களுக்கு முழுமையாக்கினால் விகிதமே சுழியாகிவிடும். ஆயிரத்துக்கு விலை சொல்லும் வழக்கம் இருப்பதே இதனால்தான்: முன்னால் வரிசையாக நிற்கும் சுழிகளைத் தவிர்த்து, பொருளுள்ள இலக்கங்களைக் கண்ணுக்குத் தெரிய வைப்பதற்காக. திரையில் எத்தனை தசமம் காட்டினாலும் சரி, கணக்கிடும் மதிப்பு முழுமையாக இருக்கட்டும்.

படி 3: டாலரை வைத்துச் சரிபாருங்கள்

விடை சரியா என்று அறிய, தோராயமாகவேனும் தெரிந்த ஒரு விகிதம் வேண்டும். பட்டியலிலேயே டாலர் இருக்கிறது. 22 ÷ 0.145 = 151.7, அதாவது ஒரு டாலருக்கு ஏறக்குறைய 152 யென். நம்பக்கூடிய எண். வகுக்காமல் விட்டிருந்தால் 22 ÷ 14.5 = 1.5 என்று, ஒரு டாலருக்கு ஒன்றரை யென் வந்திருக்கும். செய்தி படிக்கும் எவரும் உடனே நெற்றியைச் சுருக்குவார்கள்.

நூறு மடங்குத் தவறில் ஒரு நல்ல குணம் உண்டு: அது பெரும்பாலும் கத்திக்கொண்டு வரும். ஆபத்தானது பத்து மடங்குத் தவறு.

படி 4: இரண்டு நாணயங்களுக்கு இடையே மாற்றும்போது

யென்னிலிருந்து ரூபியாவுக்குப் போக வேண்டும். பட்டியலிலோ இரண்டும் கொருனாவில்தான் இருக்கின்றன. பலரும் நேராக ஒன்றை மற்றொன்றால் வகுப்பார்கள்: 14.500 ÷ 1.360 = 10.66. ஆக ஒரு யென்னுக்கு 10.66 ரூபியா என்று எழுதிவிடுவார்கள். சரியான வழி ஓரலகு விகிதங்களை வகுப்பது: 0.145 ÷ 0.00136 = 106.62. யென்னின் நூறும் ரூபியாவின் ஆயிரமும் ஒன்றையொன்று முழுதாக நீக்கிக்கொள்ளாமல் ஒரு பத்தை விட்டுச் சென்றிருக்கின்றன.

அதே 48,500 யென்னுக்கு ஏறத்தாழ 51,70,956 ரூபியா வர வேண்டும். தவறான வழியில் 5,17,096 வரும். இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள். இரண்டுமே பெரிய எண்கள். ரூபியா என்றால் இலட்சக்கணக்கில் வரும் என்று பொதுவாகத் தெரிந்தவருக்கு இரண்டுமே இயல்பாகத்தான் தோன்றும்.

இதில் இன்னொரு சூழ்ச்சியும் இருக்கிறது. யென்னிலிருந்து வோனுக்கு இதே குறுக்கு வழியில் மாற்றிப் பாருங்கள்: 14.500 ÷ 1.580 = 9.18. இது சரியான விடை! இரண்டுமே நூற்றுக்குச் சொல்லப்படுவதால் நூறுகள் நீங்கிவிடுகின்றன. ஆகவே ஒருவர் தன் விரிதாளை யென்–வோன் கொண்டு சோதித்துவிட்டு, வழிமுறை சரி என்று முடிவு கட்டக்கூடும். சோதிப்பதாக இருந்தால் எண்ணிக்கை வேறுபடும் இணைகளை எடுங்கள்: 1–100, 100–1,000, 1–1,000. ஒரே எண்ணிக்கை கொண்ட இணை எதையும் நிரூபிக்காது.

படி 5: சில்லறைக் கணக்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

நிரல் எழுதுபவர்களுக்கும், பணப் பரிமாற்றக் கோப்புகளைக் கையாள்பவர்களுக்கும் இந்தப் படி. பல மென்பொருள்கள் தொகையைச் சில்லறை அலகில் சேமிக்கின்றன: 12.50 டாலர் என்பது 1250 என்று பதிவாகும். ஆனால் ISO 4217 தரத்தின்படி யென்னுக்கும் வோனுக்கும் சில்லறை அலகு கிடையாது, தசம இடங்கள் சுழி. அதனால் 48,500 யென் அப்படியே 48500 என்றுதான் கிடக்கும்.

இதை அறியாத ஒருவர் டாலரைப் போலவே யென்னையும் நூற்றால் வகுக்கிறார்: 485. பிறகு விகிதத்தின் நூறையும் கவனிக்காமல் 14.500 ஆல் பெருக்குகிறார்: 7,032.50. விடை சரி! இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அடித்து வீழ்த்திவிட்டன. வோனுக்கும் இதே அதிர்ஷ்டம் கைகொடுக்கும், டாலரும் சரியாகவே வரும். மாதக்கணக்கில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

அடுத்து ஃபோரிண்ட் வருகிறது. அதற்கு அதே தரத்தில் இரண்டு தசம இடங்கள் உண்டு; 48,500 ஃபோரிண்ட் 4850000 என்று பதிவாகியிருக்கும். நூற்றால் வகுத்தால் 48,500, அதுவரை சரி. அதை 6.200 ஆல் பெருக்கினால் 3,00,700 கொருனா. உண்மையான விடை 3,007. உடனே "ஃபோரிண்டில்தான் கோளாறு" என்று அதற்கு மட்டும் ஒட்டுப்போடுவது வழக்கமான எதிர்வினை. கோளாறு யென்னிலும் இருக்கிறது. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். தொகையின் தசம இடங்களும் விகிதத்தின் எண்ணிக்கையும் தனித்தனி விஷயங்கள். இரண்டையும் தனித்தனிப் பத்திகளில் வைத்து, தனித்தனியாகவே வகுக்க வேண்டும்:

```
தொகை = பதிவு / 10^தசம_இடங்கள்
விடை = தொகை * விகிதம் / எண்ணிக்கை
```

படி 6: காற்புள்ளியைப் பாருங்கள்

அதே வங்கியின் செக் மொழிப் பட்டியலில் 14,500 என்று இருக்கும். அது பதினான்காயிரத்து ஐந்நூறு அல்ல; அங்கே காற்புள்ளிதான் தசமப் புள்ளி. விரிதாள் இதை ஆயிரப் பிரிப்பாக எடுத்துக்கொண்டால் விகிதம் ஆயிரம் மடங்கு பெருகிவிடும். ரூபியாவின் எண்ணிக்கையும் ஆயிரம் என்பதால், அந்த ஒரு வரிசையில் இந்தத் தவறைக் கண்டதும் "ஆயிரத்தால் வகுக்க மறந்துவிட்டோம்" என்று தவறான இடத்தைத் திருத்தத் தோன்றும். ஆங்கிலப் பட்டியலையே தரவிறக்குவது சுலபமான தீர்வு.

படி 7: பழைய விகிதங்களை எடுக்கும்போது

அதே வங்கியின் ஆண்டு முழுவதற்குமான கோப்பில் எண்ணிக்கைக்குத் தனிப் பத்தி இல்லை. தலைப்பு வரிசையிலேயே "100 HUF", "1000 IDR", "100 JPY" என்று நாணயக் குறியீட்டோடு சேர்த்து எழுதியிருப்பார்கள். தலைப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று எண்ணை அழித்துவிட்டு குறியீட்டை மட்டும் வைத்துக்கொண்டால், படி 1-இல் சொன்ன அதே தவறுக்குத் திரும்பிவிடுவீர்கள். தலைப்பை இடைவெளியில் பிரித்து, எண்ணை ஒரு வரிசையிலும் குறியீட்டை அடுத்த வரிசையிலும் வையுங்கள். பல ஆண்டுக் கோப்புகளை ஒன்றாக இணைப்பதானால், ஒவ்வோர் ஆண்டின் விகிதங்களையும் அந்தந்த ஆண்டின் தலைப்பிலுள்ள எண்ணால் வகுத்து முடித்த பிறகே இணையுங்கள்.