மொத்த டெல்டா பூஜ்ஜியம் என்று நிம்மதியாக இருந்த செவ்வாய்க்கிழமை

போன மாதம் தெரிந்த பையன் ஒருவன் தன் ஷீட்டைக் காட்டினான். நிஃப்டியில் காலும் புட்டும் விற்று வைத்திருந்தான். கடைசி வரியில் மொத்த டெல்டா 12. "பார்த்தீங்களாண்ணா, எந்தப் பக்கம் போனாலும் நமக்குக் கவலையில்லை" என்றான். அன்று எக்ஸ்பைரி, நேரம் மதியம் ஒன்றரை. என் பழைய ஷீட்டை யாரோ எடுத்துவந்து என்னிடமே நீட்டியது போல இருந்தது.

விற்ற புட்டின் டெல்டா பிளஸ், டெல்டாவை லாட்டோடு பெருக்கிய பிறகுதான் கூட்ட வேண்டும் என்பதெல்லாம் இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

## கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பது

எரிச்சல் இன்னும் அடங்காத தவறு இதுதான். என் கதையையே சொல்கிறேன். 2025ல் நடந்தது. வார எக்ஸ்பைரி செவ்வாய்க்கு மாறியிருந்தது, நிஃப்டி லாட் 75. கணக்கு எளிதாக இருக்க எண்களைக் கொஞ்சம் உருட்டியிருக்கிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் நிஃப்டி 25,000. 25,100 காலில் 20 லாட், 24,900 புட்டில் 20 லாட் விற்றேன். ஒவ்வொரு பக்கமும் 1,500. காலின் டெல்டா 0.38, புட்டினுடையது மைனஸ் 0.38. இரண்டையும் விற்றிருப்பதால் மைனஸ் 570ம் பிளஸ் 570ம் சேர்ந்து பூஜ்ஜியம். ஷீட்டில் இருந்தது இந்த ஒரே சூத்திரம்தான்:

```
=SUMPRODUCT(B2:B9, C2:C9)
```

B-யில் எண்ணிக்கை (விற்றது மைனஸில்), C-யில் டெல்டா.

செவ்வாய் மதியம் 2 மணி. நிஃப்டி ஊரெல்லாம் சுற்றிவிட்டு மறுபடி 25,000க்கே வந்து நின்றது. இரண்டு ஆப்ஷனின் டெல்டாவும் 0.14க்கு இறங்கியிருந்தது. மொத்தம் மறுபடி பூஜ்ஜியம். வியாழனன்று இருந்ததைவிட இப்போது பத்திரம் என்றுகூடத் தோன்றியது, இரண்டின் டெல்டாவும் சின்னதாகிவிட்டதே! இரண்டிலும் சேர்த்து மிச்சமிருந்த பிரீமியம் 13 ரூபாய் சொச்சம். 1,500க்குக் கணக்கிட்டால் சுமார் 20,000 ரூபாய். அதையும் வாங்கிவிட்டே போவோம் என்று உட்கார்ந்தேன்.

நான் பார்க்காமல் விட்டது கீழே இருக்கிறது. நிஃப்டி ஏறினால் மொத்த டெல்டா என்னவாகும் என்று இரண்டு நாளுக்கும் போட்டிருக்கிறேன். ஆண்டுக்கு 12 சதவீத வாலட்டிலிட்டி என்று வைத்துப் போட்ட தோராயக் கணக்கு.

| நிஃப்டி | வியாழன் சாயங்காலம் | செவ்வாய் 2 மணி |
|---|---|---|
| 25,000 | 0 | 0 |
| 25,050 | −175 | −360 |
| 25,100 | −345 | −725 |
| 25,150 | −510 | −1,050 |

முதல் வரி மட்டும்தான் இரண்டு நாளும் ஒரே மாதிரி. அதற்குக் கீழே எல்லாம் இரண்டு மடங்கு. காரணம் சிக்கலானதல்ல. நாள் மிச்சமிருக்கும்போது ஸ்ட்ரைக்குக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பது முடிவாகாது. அதனால் டெல்டா மெதுவாக நகரும். ஒன்றரை மணி நேரமே மிச்சம் என்றால் நூறு புள்ளிக்குள் 0.14 என்பது 0.50 ஆகிவிடும், எதிர்ப்பக்கப் புட்டிடம் ஈடுகொடுக்க எதுவும் இருக்காது. இந்த வேகத்துக்குத்தான் காமா என்று பெயர். அந்த 12 சதவீதக் கணக்கில் மீதி ஒன்றரை மணி நேரத்துக்குச் சுமார் 90 புள்ளி ஆட்டம் சாதாரணம். ஆக 25,100 என்பது எங்கோ இருக்கும் ஊர் இல்லை, பக்கத்துத் தெரு.

2.40க்கு நிஃப்டி 25,105. ஷீட் மைனஸ் 700ஐத் தாண்டிக் காட்டியது. கிட்டத்தட்ட பத்து லாட் ஃபியூச்சரை விற்று வைத்திருப்பதற்குச் சமம், ரூபாயில் ஒன்றே முக்கால் கோடிக்கு மேல். பூஜ்ஜியம் என்று நினைத்த இடத்தில்! பதறிப்போய் பத்து லாட் ஃபியூச்சர் வாங்கி மொத்தத்தைச் சரிக்கட்டினேன். மூன்று மணிக்குள் நிஃப்டி 25,020க்கு இறங்கிவிட்டது. ஆப்ஷன்களின் டெல்டா கரைந்துபோக, வாங்கிய ஃபியூச்சர் மட்டும் பிளஸ் 750 என்று ஷீட்டில் முறைத்துக்கொண்டு நின்றது. அதையும் விற்றேன். ஃபியூச்சரும் நிஃப்டியோடு 85 புள்ளி இறங்கியிருந்தது. 750ஆல் பெருக்கினால் 63,750 ரூபாய்.

விற்ற காலும் புட்டும் செல்லாக்காசாகத்தான் முடிந்தன. நான் எதிர்பார்த்தது அப்படியே நடந்தது. 20,000 வந்தது, 63,750 போனது. டெல்டா கூடியபோது வாங்கி, குறைந்தபோது விற்றால் ஒவ்வொரு முறையும் மேலே வாங்கிக் கீழேதான் விற்போம். எக்ஸ்பைரி மதியம் விற்ற ஆப்ஷனை ஃபியூச்சரால் ஹெட்ஜ் செய்வதில் உள்ள வில்லங்கம் இதுதான்.

இப்போது என் ஷீட்டில் மொத்தம் ஒரு கட்டம் இல்லை, ஏழு கட்டம். நிஃப்டி இருக்கும் இடம், அதற்கு மேலே 50, 100, 150, கீழேயும் அப்படியே. ஒவ்வொன்றிலும் டெல்டாவை மீதியுள்ள நேரத்தை வைத்துப் புதிதாகக் கணக்கிடும். காலையில் ஒட்டிய டெல்டா மதியத்துக்கு உதவாது. இந்த ஏழையும் மிச்சமிருக்கும் பிரீமியத்தோடு வைத்துப் பார்ப்பேன். 20,000 ரூபாய்க்காக 725 டெல்டா நூறு புள்ளித் தூரத்தில் காத்திருக்கிறது என்றால், காலையும் புட்டையும் திரும்ப வாங்கி முடித்துவிடுவேன். பையனிடமும் அதைத்தான் சொன்னேன். "அண்ணா, இன்னும் பதிமூணு ரூபாய் இருக்கே" என்றான். அதே பதிமூன்று!

## நிஃப்டியையும் பேங்க் நிஃப்டியையும் அப்படியே கூட்டுவது

கூட்டக் கூடாது. டெல்டாவை அந்தந்தக் குறியீட்டின் விலையால் பெருக்கி ரூபாயாக்கிய பிறகு கூட்டுங்கள்.

## இந்த வாரத்தையும் அடுத்த வாரத்தையும் ஒரே தொகையாக வைப்பது

இந்த வாரக் கால் ஆப்ஷனை விற்று அடுத்த வாரக் கால் ஆப்ஷனை வாங்கியிருப்பீர்கள். 3.25க்கு மொத்தம் அழகாகப் பூஜ்ஜியம். 3.30க்கு ஒரு கால் மறைந்துவிடும், மற்றொன்று தன் டெல்டா முழுவதையும் வைத்துக்கொண்டு இரவு முழுக்க உங்களோடு இருக்கும். எக்ஸ்பைரி வாரியாகத் தனித்தனித் தொகை போட்டு, நாளைக் காலை மிஞ்சப்போவது எது என்று செவ்வாய் மதியமே பார்த்துவிடுங்கள்.

## கடைசி அரை மணி நேரத்தில் திரையை நம்புவது

நான் சொல்லும் அந்த நாட்களில் குறியீட்டு ஆப்ஷன் தீர்வாவது 3.30ன் கடைசி விலையில் அல்ல. பங்குகளின் கடைசி அரை மணி நேரச் சராசரியிலிருந்து வரும் குளோசிங்கில்தான். 3.15க்குப் பாதிச் சராசரி ஏறக்குறைய உறைந்திருக்கும். அதன்பிறகு நிஃப்டி பத்து புள்ளி ஏறி அங்கேயே நின்றாலும் தீர்வு விலை ஐந்து புள்ளி அளவுக்குத்தான் நகரும். நன்றாக உள்ளே போன காலுக்குத் திரை 1 என்று காட்டும், உண்மையில் அது அப்போது 0.5 பக்கம். திரையை நம்பி முழு அளவுக்கு ஃபியூச்சர் எடுத்தால் ஹெட்ஜில் பாதி வெறும் பந்தயம்.

## ஸ்டாக் ஆப்ஷனையும் இதே கண்ணால் பார்ப்பது

வேண்டாம். 2019 அக்டோபரிலிருந்து அங்கே எல்லாமே பங்காகத்தான் தீர்வாகிறது. விற்ற கால் உள்ளே முடிந்தால் பங்கை எடுத்துவந்து கொடுக்க வேண்டும்.