பயிற்சியே தராமல் பாண்ட் பணம் பிடித்தால்: ஆட்சேபிப்பதில் நடக்கும் தவறுகள்

மண்ணடிப் பக்கம் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் ஆவணப் பிரிவில் சேர்ந்த ஒரு பெண்ணை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 22,000 ரூபாய். ‘மூன்று மாதம் சுங்க ஆவணப் பயிற்சி தருவோம், ஒரு வருடத்துக்குள் விலகினால் 40,000 ரூபாய் தர வேண்டும்’ என்று பாண்டில் கையெழுத்து வாங்கினார்கள். முதல் இரண்டு நாள் எச்.ஆர். வருகைப் பதிவு, விடுப்பு விதிகளைச் சொன்னார். மூன்றாம் நாளிலிருந்து வாடிக்கையாளர்களின் இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி வேலை. ஏழாம் மாதம் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து விலகினார். கடைசிச் சம்பளமும் விடுப்புப் பணமும் சேர்ந்து 26,000 வர வேண்டும். கணக்கில் 40,000 கழித்து, ‘நீங்கள்தான் இன்னும் 14,000 தர வேண்டும்’ என்று வந்தது.

இங்கே முதலில் எல்லாரும் எழுதுவது, “பாண்டே சட்டப்படி செல்லாது” என்பது. அது பலவீனமான வாதம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொன்னது. அது பொதுத்துறை வங்கி, ஆளெடுப்புச் செலவு வேறு என்று வாதாடலாம். ஆனால் அந்தச் சண்டையே தேவையில்லை. வலுவான கேள்வி வேறு: பாண்டில் சொன்ன பயிற்சி எங்கே? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, பாண்டில் எழுதிய தொகை உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். பயிற்சிக்குச் செலவே செய்யாத நிறுவனம் பயிற்சிச் செலவை இழப்பாகக் காட்டுவது கடினம்.

அடுத்த தவறு, “எனக்கு ஒன்றுமே சொல்லித் தரவில்லை” என்று எழுதுவது. அந்த இரண்டு நாள் கூட்டத்தின் கையெழுத்துத் தாளை நீட்டினால் உங்கள் பேச்சு பொய்யாகிவிடும். நடந்ததை ஒப்புக்கொண்டு, அது பாண்டில் சொன்ன பயிற்சி அல்ல என்று காட்டுங்கள். இப்படி எழுதலாம்:

“பாண்டின் இந்தப் பத்தியில் மூன்று மாத சுங்க ஆவணப் பயிற்சி என்று உள்ளது. எனக்கு நடந்தது இரண்டு நாள் அறிமுகக் கூட்டம் மட்டுமே. மூன்றாம் நாள் முதல் வழக்கமான வேலை செய்தேன். பயிற்சி நடந்த தேதிகள், நடத்தியவர், அதற்கான செலவு ரசீது ஆகியவற்றைத் தாருங்கள். 40,000 ரூபாய் பிடித்தத்தை நான் ஏற்கவில்லை.”

இதை மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் எச்.ஆரிடம் கத்தினால் மனம் ஆறும், பதிவு இருக்காது.

ஆதாரம் சேர்ப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. மூன்றாம் நாளே வேலை செய்தீர்கள் என்பதற்கு அலுவலக மெயில்கள் நல்ல சாட்சி. அதற்காக வாடிக்கையாளர் ஆவணங்களையெல்லாம் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். ரகசியத்தைக் கசியவிட்டதாக நிறுவனத்துக்குப் புது ஆயுதம் கிடைக்கும். பாண்ட் நகல், வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, எச்.ஆர். உங்களுக்கு அனுப்பியவை, நீங்கள் செய்த வேலைகளின் தேதிக் குறிப்பு இவை போதும். அலுவலக மெயில் கணக்கு முடக்கப்படும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய சிக்கல் கடைசி நாளில் வரும். ‘எனக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டால்தான் ரிலீவிங் லெட்டர் என்பார்கள். புது வேலை காத்திருக்கும் அவசரத்தில் பலரும் போட்டுவிடுகிறார்கள். வேறு வழியில்லை என்றால், கையெழுத்துக்கு மேலேயே ‘பாண்ட் பிடித்தத்தை ஏற்கவில்லை, ஆட்சேபத்துடன் கையெழுத்திடுகிறேன்’ என்று எழுதிப் போட்டோ எடுங்கள். எழுத விடவில்லை என்றால் அன்றே மெயிலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், நோட்டீஸ் நாள் குறைந்ததற்கான பிடித்தம் ஏதாவது இருந்தால் அதை இதோடு கலக்க வேண்டாம். அது தனி விஷயம்; இரண்டையும் ஒரே மூச்சில் மறுத்தால் வலுவான வாதமும் மங்கிப்போகும்.

மெயிலுக்குப் பதில் இல்லையா? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, விலகியவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் ஊதியம் தர வேண்டும். முன்பு இந்தப் பாதுகாப்புக்கு மாதம் 24,000 ரூபாய் சம்பள வரம்பு இருந்தது, இப்போது இல்லை. எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று 18ஆம் பிரிவு பட்டியல் போடுகிறது. பயிற்சிச் செலவு என்ற வகை அதில் இல்லை. அனுமதித்த பிடித்தங்கள்கூட மொத்தமாக ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஆக முழுச் சம்பளத்தையும் விழுங்கும் பிடித்தம் அங்கேயே சிக்கும்.

மண்ணடியோ மணலியோ, வேலை செய்த இடத்துக்குரிய தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். மூன்று ஆண்டு வரை கால வரம்பு உண்டு, என்றாலும் தள்ளிப்போட வேண்டாம். சட்டவிரோதப் பிடித்தம் என்று நீங்கள் மனு போட்டால், தர வேண்டியதைத் தந்தாகிவிட்டது என்று நிரூபிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. அந்த 14,000 ரூபாயோ? அதைக் கேட்டு மிரட்டல் மெயில் வந்தால் பயந்து கட்டிவிடாதீர்கள். அதை வசூலிக்க அவர்கள்தான் சிவில் நீதிமன்றம் போய், பயிற்சி கொடுத்ததையும் இழப்பையும் காட்ட வேண்டும். நீதிமன்ற நோட்டீஸ் வந்தால் மட்டும் அலட்சியம் செய்யாமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.