ஊருக்குப் போனவர் பங்கு எவ்வளவு? பில் பிரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேர்ந்து தங்கும் வீடுகளில் கரண்ட் பில், தண்ணீர் பில் கணக்கு எப்போதும் என் தலையில்தான் விழும். இப்போது புதிதாகக் கணக்கு எழுத வருபவர்களும் நாங்கள் அன்று போட்ட அதே சண்டையைத்தான் போடுகிறார்கள். சமமாக வகுப்பவர்களையும், “நான்தான் இல்லையே” என்று கையை விரிப்பவர்களையும் விட்டுவிடுகிறேன். அது தவறு என்று எல்லோருக்கும் தெரியும்.

மொத்த பில்லையும் நாள் கணக்கில் வகுப்பது

பார்க்க நியாயமாக இருப்பதால்தான் எனக்கு இதன்மேல் அவ்வளவு எரிச்சல். ஆள் ஊரில் இல்லாவிட்டாலும் ஃபிரிட்ஜ் ஓடுகிறது, வைஃபை பெட்டி எரிகிறது, பில்லில் நிலைக் கட்டணமும் விழுகிறது. ஃபிரிட்ஜுக்குள் அவருடைய ஊறுகாய் பாட்டிலும் இருக்கும்!

மூன்று பேர், அறுபது நாள் பில், 300 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 30 நாள் இல்லை. நாள் கணக்கில் 60, 60, 30 சேர்த்து மொத்தம் 150 ஆள்நாள். நேரடியாக வகுத்தால் ஆள்நாளுக்கு 2 யூனிட். போனவர் தலையில் 60, மற்றவர்கள் தலையில் 120.

சரியான வழி பில்லை இரண்டாக உடைப்பது. யாருமே இல்லாவிட்டாலும் ஓடும் மின்சாரத்தை முதலில் பிரித்தெடுங்கள். எல்லோரும் வெளியே போகும் ஒரு நாளில், கீசரை அணைத்துவிட்டு, கிளம்பும்போதும் திரும்பியதும் மீட்டரைப் பாருங்கள். எட்டு மணி நேரத்தில் அரை யூனிட் ஏறியிருந்தால் நாளுக்கு ஒன்றரை. ஒரு மணி நேரம் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், ஃபிரிட்ஜ் விட்டுவிட்டுத்தான் ஓடும்.

அறுபது நாளுக்கு அது 90 யூனிட். இதைச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 30. மீதி 210 யூனிட்டை ஆள்நாளால் வகுத்தால் 1.4. போனவருக்கு 42, மற்றவர்களுக்கு 84. ஆக அவர் பங்கு 72, மற்றவர்கள் பங்கு 114. நிலைக் கட்டணம் தனியாக, சமமாக. யூனிட் கூடக்கூட விலை ஏறும் பில்லாக இருந்தாலும் சராசரி விலையையே எல்லோருக்கும் போடுங்கள். “நான் இல்லாததால்தான் விலை குறைந்தது” என்று அவர் கிளப்பும் வாதத்துக்கு முடிவே கிடையாது.

பில் வந்த தேதியைப் பிடித்துக்கொள்வது

கணக்கு ஓடுவது மீட்டர் ரீடிங் எடுத்த தேதியிலிருந்து. ஒரே பயணம் இரண்டு பில்லில் விழலாம். கிளம்பும் அன்றும் திரும்பிய அன்றும் மீட்டரைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டால் பாதி வாக்குவாதம் தீர்ந்தது.

விருந்தாளியை மறப்பது

ஒரு வாரம் தங்கினால் ஏழு ஆள்நாள். கூட்டிவந்தவர் கணக்கில்.

தண்ணீருக்கும் இதே சூத்திரமா?

மாதம் இவ்வளவு என்று நிலையான கட்டணமாக இருந்தால் சமம்தான். மீட்டர் இருந்தால் ஆள்நாள் போதும், தண்ணீரில் ஃபிரிட்ஜ் மாதிரி எதுவும் ஓடாது. ஆனால் எல்லாக் குழாயையும் மூடியபிறகும் மீட்டர் முள் நகர்ந்தால், பெரும்பாலும் ஃபிளஷ் தொட்டிதான் கசிகிறது. அப்படி வீணான தண்ணீர் எல்லோர் தலையிலும் சமமாக.